லைசன்ஸ் முடியப் போகிறதா, தொலைந்துவிட்டதா, முடிந்து வருஷமாகிவிட்டதா?

என் மச்சான் 2005-இல் லைசன்ஸ் எடுத்தவர். துபாயில் வேலை. போன டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவர், ஊருக்குப் போக வாடகைக் கார் எடுக்கலாம் என்று கார்டை நீட்டியபோதுதான், அது ஜூன் மாதமே முடிந்திருப்பது தெரிந்தது. "இருபது வருஷம் போட்டிருந்தானே, அதுக்குள்ள ஓடிருச்சா?" என்றார். ஓடிவிட்டது. அவரைப் போல நிறையப் பேர் இப்போது மாட்டுகிறார்கள். பழைய சட்டப்படி சொந்த வாகனம் ஓட்டும் லைசன்ஸ் இருபது வருஷத்துக்கு அல்லது ஐம்பது வயது வரைக்கும், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். கல்லூரி நாட்களில் எடுத்துப் பர்ஸில் செருகியவர்கள் அந்தத் தேதியை மறுபடி பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எனவே முதல் வேலை, கார்டை எடுத்துத் தேதியைப் பார்ப்பது. இரண்டு தேதிகள் இருக்கலாம். NT என்று இருப்பது சொந்த உபயோக வாகனங்களுக்கு, TR என்று இருப்பது வாடகை, சரக்கு வாகனங்களுக்கு. பேட்ஜ் வாங்கி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு TR தேதி முன்னாலேயே முடியும். ஒன்று முடிந்தால் இன்னொன்றும் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முன்னால் ஒரு வருஷம், பின்னால் ஒரு வருஷம்

இந்த விஷயத்தில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் லைசன்ஸ் முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லுபடியாகும் என்று ஒரு சலுகை இருந்தது. திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னமும் "ஒரு மாசம் டைம் இருக்குல்ல" என்று சொல்பவர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள். கார்டில் ஜூன் 20 என்றிருந்தால், ஜூன் 21 காலையில் வண்டி எடுப்பவர் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார். அவ்வளவுதான்.

அதே திருத்தம் புதுப்பிக்கும் அவகாசத்தை நீட்டித்தது. முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் டெஸ்ட் இல்லாமல் விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருஷம் தாண்டினால் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் புதுப்பிக்க முடியும். முன்பு இது ஐந்து வருஷமாக இருந்தது. அதனால்தான் பலர் நிதானமாக இருக்கிறார்கள், பிறகு ஆர்டிஓ ஆபீஸில் அதிர்ச்சியடைகிறார்கள்.

பின்னால் இருக்கும் ஒரு வருஷத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது விண்ணப்பிக்கத் தரப்பட்ட அவகாசம், வண்டி ஓட்டத் தரப்பட்ட அவகாசம் அல்ல. மேலும், அந்த வருஷத்துக்குள் புதுப்பித்தால் புது லைசன்ஸ் புதுப்பித்த நாளிலிருந்துதான் தொடங்கும், பழையது முடிந்த நாளிலிருந்து அல்ல. நடுவில் விழுந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

மச்சான் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பிறந்தது 1985 மார்ச். லைசன்ஸ் 2025 ஜூன் 20 வரை. 2025 டிசம்பர் 15-இல் புதுப்பித்தார். அன்றைக்கு வயது நாற்பது. முப்பது முடிந்து ஐம்பது முடியாதவர்களுக்குப் பத்து வருஷம் தருவார்கள். எனவே அவருக்கு 2035 டிசம்பர் 14 வரை. ஜூன் 21 முதல் டிசம்பர் 14 வரை அவருக்கு லைசன்ஸே கிடையாது. அந்த நாட்களில் அவர் இங்கே வண்டி ஓட்டவில்லை என்பதால் பிழைத்தார். இங்கே இருந்து ஓட்டியிருந்து, ஒரு விபத்தும் நடந்திருந்தால், பின்னால் புதுப்பித்த கார்டைக் காட்டி எதையும் சரிசெய்திருக்க முடியாது.

மற்ற வயதுக்காரர்களுக்கு: முப்பது முடியாதவர்களுக்கு நாற்பது வயது வரை. ஐம்பது முடிந்து ஐம்பத்தைந்து முடியாதவர்களுக்கு அறுபது வயது வரை. ஐம்பத்தைந்துக்கு மேல் ஒவ்வொரு தடவையும் ஐந்து வருஷம். வாடகை, சரக்கு வாகனங்களுக்கு எந்த வயதானாலும் ஐந்து வருஷம். அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு மூன்று.

முடியும் முன்னரே புதுப்பிப்பது

இணையத்தில் `sarathi.parivahan.gov.in` போய் மாநிலமாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுங்கள். லைசன்ஸ் சம்பந்தப்பட்ட பகுதியில் `Services On DL` என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதற்குள் போனால் லைசன்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கேட்கும். உங்கள் பெயர், படம், முகவரி எல்லாம் திரையில் வரும். இங்கே அவசரப்பட வேண்டாம். முகவரியை நிதானமாகப் படியுங்கள். புது கார்டு தபாலில்தான் வரும், பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும். பத்து வருஷத்துக்கு முன் காலி செய்த வாடகை வீட்டுக்குக் கார்டு போய், "ஆள் இல்லை" என்று திரும்பி, அதைத் தேடி அலைவது என்பது புதுப்பிப்பதைவிடப் பெரிய வேலை.

முகவரி மாறியிருந்தால் தனி விண்ணப்பம் தேவையில்லை. அடுத்த திரையில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும்போது புதுப்பித்தலோடு முகவரி மாற்றத்தையும் சேர்த்து டிக் செய்யலாம். கார்டு தொலைந்திருந்தால் நகல் கார்டையும் அதே இடத்தில் சேர்க்கலாம். எல்லாம் ஒரே விண்ணப்ப எண்ணில் போகும்.

அப்புறம் உடல்நிலை. படிவம் 1 என்பது நீங்களே கொடுக்கும் உறுதிமொழி: வலிப்பு உண்டா, கண் சரியாகத் தெரிகிறதா என்று கேள்விகள் வரும். நாற்பது வயது தாண்டியவர்களும், வாடகை வண்டி ஓட்டுபவர்களும் படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். அதை டாக்டர் பூர்த்தி செய்ய வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் திரும்புவது இந்தப் படிவத்தால்தான். டாக்டர் கையெழுத்து இருக்கும், பதிவு எண் இருக்காது. அல்லது போட்டோ ஒட்டியிருக்கும், அதன் மேல் முத்திரை விழுந்திருக்காது. அங்க அடையாளம் எழுதும் இடம் காலியாக இருக்கும். மச்சானின் படிவத்தில் டாக்டர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் மை காய்ந்து பாதிதான் விழுந்திருந்தது. பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இல்லை. ஸ்கேன் செய்யும் முன் நான் கவனித்ததால் மறுபடி கிளினிக் போய் எண்ணைப் பேனாவால் எழுத வைத்து வந்தோம். க்ளினிக் வாசலிலேயே நின்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஆதார். ஆதார் ஓடிபி கொடுத்தால் ஆபீஸுக்குப் போகாமலேயே வேலை முடிய வாய்ப்புண்டு. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும்: இனிஷியல். லைசன்ஸில் "எஸ். குமார்" என்று இருக்கும், ஆதாரில் "குமார் சுப்பிரமணியன்" என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகவில்லை என்றால் ஆதார் இல்லாத வழியைத் தேர்ந்தெடுத்து, நாள் குறித்து, அசல் ஆவணங்களோடு ஆர்டிஓ ஆபீஸுக்கு நேரில் போக வேண்டும். பெயரைத் திருத்துவது நல்லதுதான். ஆனால் லைசன்ஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆதார் திருத்தத்தைத் தொடங்க வேண்டாம். முதலில் நேரில் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் மத்திய விதிப்படி புதுப்பிக்க 200 ரூபாய். கார்டுக்கும் சேவைக்கும் சேர்ந்து மேலே கொஞ்சம் வரும். காலம் தவறிய விண்ணப்பத்துக்கு விதியில் உள்ள கட்டணம் 300, அதோடு தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆயிரம் ரூபாய் கூடுதல் கட்டணம் என்றும் விதி சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பது பணம் கட்டும் திரையில் வரும். பணம் கட்டிய ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள். பணம் போய், திரை நின்றுவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் கொண்டு கட்டண நிலையைச் சரிபார்க்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. அடுத்த ஒரு வருஷத்துக்குள் லைசன்ஸ் முடிகிறதென்றால் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். புதுப்பித்த நாளிலிருந்து கணக்கு தொடங்குவதால் சில மாதங்கள் நஷ்டமாகும், உண்மைதான். இரண்டு வருஷம் கழித்து வந்து எட்டு போடுவதைவிட அது மேல். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கப் போகிறவர்களுக்கும் இதுவே. அந்த அனுமதி அதிகபட்சம் ஒரு வருஷம், அதுவும் இங்கே உள்ள லைசன்ஸ் உயிரோடு இருக்கும் வரைதான்.

கார்டு தொலைந்தால்

தொலைந்தது கார்டுதான், லைசன்ஸ் அல்ல. பதிவு அரசின் கணினியில் இருக்கிறது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ லைசன்ஸை ஏற்றி வைத்திருந்தால், நகல் கார்டு வரும் வரை வாகனச் சோதனையில் அதையே காட்டலாம். மின்னணு வடிவம் செல்லும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே 2018-இல் சேர்த்துவிட்டார்கள். கார்டைப் போட்டோ எடுத்து வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. செயலியைத் திறந்து காட்ட வேண்டும்.

அடுத்தது போலீஸ் சான்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. எங்கே, எந்தத் தேதியில், என்ன தொலைந்தது என்று நிரப்பினால் அறிக்கை கிடைக்கும். இது தவறவிட்ட ஆவணத்துக்கு மட்டும். பர்ஸைப் பிக்பாக்கெட் அடித்தார்கள் என்றால் அது திருட்டு. அதற்கு ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுதான் முறை. போலீஸில் அலைய வேண்டாமே என்று திருட்டைத் தொலைந்ததாக எழுதிவிடுகிறார்கள். பர்ஸில் ஏடிஎம் கார்டும் இருந்து, அதில் பணமும் போயிருந்தால், அந்த ஒரு சொல் பின்னால் உங்களையே இடிக்கும்.

பிறகு அதே `Services On DL` வழியில் நகல் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லைசன்ஸ் எண் ஞாபகமில்லையா? பைக்குக்கோ காருக்கோ முன்பு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்திருந்தால் அந்தத் தாள்களில் இருக்கும். வாடகை வண்டி எடுக்க, வேலைக்குச் சேர எனக் கொடுத்த ஜெராக்ஸ்களில் இருக்கும். மின்னஞ்சலில் உங்கள் பெயரையும் லைசன்ஸ் என்ற சொல்லையும் போட்டுத் தேடினாலே பாதிப் பேருக்குக் கிடைத்துவிடும். இப்போதைய எண் TN என்று தொடங்கி, ஆர்டிஓ குறியீடு இரண்டு இலக்கம், வருஷம் நான்கு, பிறகு ஏழு இலக்கம் என்று வரும்.

எண் கிடைத்தும் திரையில் எதுவும் வரவில்லை என்றால், பழைய புத்தக லைசன்ஸ் கணினியில் ஏறாமல் இருக்கலாம். அதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. முதலில் லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கே போய், அவர்களுடைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். பழைய ஜெராக்ஸ் ஒன்று கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் லேமினேட் செய்த 1990-களின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒரே நாளில் முடித்துவந்தார். அது இல்லாதவர்கள் எத்தனை நடை நடப்பார்கள் என்பது அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது.

நகல் கார்டில் பழைய முடிவுத் தேதியேதான் இருக்கும். தொலைந்த கார்டு இன்னும் எட்டு மாதத்தில் முடிவதாக இருந்தால், வெறும் நகல் வாங்கி எட்டு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிப்பது வீண் செலவு. ஒரு வருஷத்துக்குள் முடிகிறதென்றால் நகலையும் புதுப்பித்தலையும் சேர்த்தே போடுங்கள்.

ஒரு வருஷம் தாண்டிவிட்டால்

மச்சான் டிசம்பரில் வராமல் 2026 ஜூலையில் வந்திருந்தால் கதையே வேறு. ஜூன் 20-உடன் ஒரு வருஷம் முடிந்துவிட்டிருக்கும். அதன் பிறகு டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்க அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. தேறாவிட்டால் மறுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இருபது வருஷம் ஓட்டிய அனுபவம் அங்கே செல்லாது.

நடைமுறையில் இது எல்எல்ஆரிலிருந்து தொடங்கும். லைசன்ஸ் முடிந்தவர் பழகுவதற்காகக்கூட வண்டியைத் தெருவில் எடுக்க முடியாது என்பதால் எல்எல்ஆர் எப்படியும் வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம். விடுமுறையில் மூன்று வாரம் வருகிறவர்களுக்கு இந்த முப்பது நாள்தான் பெரிய தடை.

எல்எல்ஆர் போடும்போது வாகன வகையைக் கவனியுங்கள். பழைய லைசன்ஸில் கியர் பைக்கும் காரும் இருந்தன என்றால் இரண்டையும் குறிக்க வேண்டும். "கார் மட்டும் போதும்" என்று போட்டுவிட்டு, பிறகு பைக்குக்குத் தனியாக மறுபடி எல்எல்ஆர், டெஸ்ட் என்று ஓடுகிறவர்கள் உண்டு. டெஸ்ட் கட்டணம் ஒவ்வொரு வகைக்கும் 300.

எல்எல்ஆரில் ஓட்டும்போது முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் போர்டு, 18 சென்டிமீட்டர் சதுரம். காரில் பக்கத்தில் செல்லுபடியாகும் லைசன்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். டெஸ்டுக்குக் கொண்டுபோகும் வண்டியின் ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும். நண்பனின் பைக்கை இரவல் வாங்கிப் போய், இன்ஷூரன்ஸ் முடிந்திருந்ததால் தளத்துக்குள் நுழையாமலேயே திரும்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அனுபவசாலிகள் தோற்பது பெரும்பாலும் எட்டில்தான். ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைப்பது வேறு, நடக்கும் வேகத்தில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு எட்டு போடுவது வேறு. கால் ஊன்றினால் போச்சு. முன்சக்கரத்தைப் பார்த்தால் கால் தானாக இறங்கும், அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானாகப் போகும். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை தோற்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். காரில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது பெரும்பாலும் பழக்கங்களைத்தான்: சீட் பெல்ட், கண்ணாடி, இண்டிகேட்டர். பழைய ஓட்டுநர்கள் ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடித்து அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடுவில் விழுந்த ஓட்டை என்ன செய்யும்

போலீஸ் பிடித்தால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5000 ரூபாய். வண்டி வேறொருவருடையது என்றால், லைசன்ஸ் இல்லாதவரிடம் கொடுத்ததற்கு அவருக்கும் தனியாக 5000. இது சின்னத் தொல்லை.

பெரியது இன்ஷூரன்ஸ். முடிந்த லைசன்ஸோடு ஓட்டி இடித்தால், உங்கள் வண்டிக்கான சேதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம். அடிபட்டவருக்கான இழப்பீட்டில், கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அதாவது அடிபட்டவர் காப்பாற்றப்படுவார், உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்புக்கும் விபத்து நடந்த நாளில் செல்லுபடியாகும் லைசன்ஸ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விபத்துக்கு மறுநாள் ஓடிப்போய்ப் புதுப்பித்தாலும் கார்டில் மறுநாள் தேதிதான் இருக்கும்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன், கார்டு வரவில்லை என்பவர்களுக்கு: விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். அனுமதி கிடைத்து, டிஜிலாக்கரில் புதுத் தேதி வந்துவிட்டதென்றால் ஓட்டலாம். வெறும் ரசீது மட்டும் இருக்கிறதென்றால் பஸ்ஸில் போங்கள். மச்சான் பதினோரு நாள் பஸ்ஸில்தான் போனார், கார் வாசலில் நின்றது.